ஆக்சிஜன் செலுத்தும் கருவிகள்: மூக்குக்குழல், எளிய முகமூடி, சேமிப்புப்பை முகமூடி

இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்த நோயாளிக்கு, மூச்சுக்குழாயில் குழாய் இடாமல் ஆக்சிஜன் அளிக்கப் பொதுவாகப் பயன்படும் கருவிகள் மூன்று. மருத்துவமனைகளில் நேசல் பிராங்ஸ் எனப்படும் மூக்குக்குழல், எளிய முகமூடி, பையுடன் கூடிய சேமிப்புப்பை முகமூடி என்பன அவை. இங்கு மூக்குக்குழல் எனப்படுவது நாசித் துளைகளில் இரு சிறு முனைகளாகச் செருகப்படும் மெல்லிய குழாய் ஆகும். மூக்கு வழியாக இரைப்பைக்கு உணவு செலுத்தும் குழாய் இதனின்று வேறானது.

இக்கருவிகள் எதனாலும் நோயாளிக்குக் கிடைக்கும் ஆக்சிஜனின் சதவீதத்தைத் துல்லியமாகக் கூற முடியாது. நூல்களில் தரப்படும் எண்கள் அனைத்தும் தோராயமானவையே. இதற்கான காரணம் தெரிந்தால், எந்தக் கருவியை எப்போது மாற்ற வேண்டும் என்பதும் விளங்கும்.

ஒரு மூச்சில் நடப்பது என்ன?

சாதாரணக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் உள்ளது. அமைதியாக மூச்சுவிடும் பெரியவர் ஒருவர் ஒரு மூச்சில் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் காற்றை ஒரு விநாடியில் உள்ளிழுக்கிறார் எனக் கொள்வோம். மூக்குக்குழல் வழியாக நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆக்சிஜன் வந்தால், அந்த ஒரு விநாடியில் வந்து சேர்வது 67 மில்லிலிட்டர் மட்டுமே. மீதி 433 மில்லிலிட்டர் அறைக் காற்றாகும்; அதில் ஆக்சிஜன் 91 மில்லிலிட்டர் இருக்கும். ஆக மொத்தம் 158 மில்லிலிட்டர், அதாவது 500-இல் ஏறத்தாழ 32 சதவீதம். மூச்சை வெளிவிட்டு அடுத்த மூச்சு தொடங்கும் முன் உள்ள சிறு இடைவெளியில் மூக்கின் உட்பகுதியிலும் தொண்டையின் மேற்பகுதியிலும் கொஞ்சம் ஆக்சிஜன் தேங்குவதால், உண்மையில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும்.

இப்போது அதே நபருக்கு மூச்சுத் திணறல் உண்டாகி, அதே 500 மில்லிலிட்டரை அரை விநாடியில் இழுக்கிறார். குழாயில் வரும் ஆக்சிஜன் 33 மில்லிலிட்டராகக் குறைகிறது. அறைக் காற்றின் பங்கு கூடுகிறது. கணக்கிட்டால் 26 சதவீதம் வரும். மூச்சுகளுக்கு இடையிலான ஓய்வும் சுருங்குவதால் தொண்டையில் தேங்கும் அளவும் குறையும். அளவுமானியில் யாரும் கைவைக்கவில்லை. அதே 4 லிட்டர்தான் ஓடுகிறது. ஆனாலும் நோயாளிக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும் நேரத்தில் கருவி தருவது குறைந்துவிடுகிறது. மூச்சு எண்ணிக்கையைப் பாராமல் லிட்டர் கணக்கை மட்டும் குறித்து வைப்பதில் உள்ள குறை இதுவே.

மூக்குக்குழல்

இதற்கு உரிய ஓட்டம் நிமிடத்துக்கு 1 முதல் 4 லிட்டர் வரை; தேவையானால் 6 லிட்டர் வரை வைப்பதுண்டு. அமைதியாக மூச்சுவிடுபவரில் 1 லிட்டருக்கு 24 சதவீதம் எனத் தொடங்கி, ஒவ்வொரு லிட்டருக்கும் 4 சதவீதம் கூட்டுவது வழக்கமான மனக்கணக்கு. அதன்படி 2 லிட்டருக்கு 28, 4 லிட்டருக்கு 36 ஆகும். நோயாளி பேசலாம், உண்ணலாம், நீர் அருந்தலாம். ஆகவே கழற்றி வைக்கும் நேரம் குறைவு. நீண்ட நேரம் ஆக்சிஜன் தேவைப்படுவோருக்கு இது சிறிய நன்மையன்று. 4 லிட்டருக்கு மேல் போனால் மூக்கு உலர்ந்து எரிச்சல் உண்டாகும், சிலருக்கு இரத்தம் கசியும்.

எளிய முகமூடி

மூக்கையும் வாயையும் மூடும் இந்த நெகிழி முகமூடியின் உட்புறம் 100 முதல் 200 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அந்த இடம் ஒரு சிறு தேக்கமாகச் செயல்படுவதால் 5 முதல் 10 லிட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ 40 முதல் 60 சதவீதம் ஆக்சிஜன் கிடைக்கும். அதே இடம் ஒரு தீங்கையும் தருகிறது. வெளிவிட்ட கரியமில வாயு அங்கேயே தங்குகிறது. அதை அடித்து வெளியேற்ற போதிய ஓட்டம் வேண்டும். எனவே இதை 5 லிட்டருக்குக் கீழே வைக்கக் கூடாது. சிலிண்டரை மிச்சப்படுத்த எண்ணி 2 லிட்டரில் முகமூடி பொருத்துவது தவறு. 2 லிட்டர் போதுமானால் மூக்குக்குழலே போதும்.

சேமிப்புப்பை முகமூடி

முகமூடியின் அடியில் 600 மில்லிலிட்டர் முதல் 1 லிட்டர் வரை கொள்ளும் பை தொங்கும். ஆக்சிஜன் இடைவிடாமல் பையில் நிறையும். நோயாளி உள்ளிழுக்கும்போது பையிலிருந்து எடுத்துக்கொள்வார். வெளிவிடும் மூச்சு பைக்குள் திரும்பாமல் ஒருவழி அடைப்பிதழ் ஒன்று தடுக்கும். பக்கத் துளைகளில் உள்ள இதழ்கள் அறைக் காற்று நுழைவதைத் தடுக்கும். 10 முதல் 15 லிட்டர் ஓட்டத்தில் 60 முதல் 90 சதவீதம் வரை கிடைக்கும். முகத்தில் சரியாகப் பொருந்தாத இடுக்குகள் எப்போதும் இருப்பதாலும், பாதுகாப்புக்காகப் பக்க இதழ்களில் ஒன்று பெரும்பாலும் நீக்கப்பட்டிருப்பதாலும் 100 சதவீதம் கிடைப்பதில்லை.

நோயாளிக்கு மாட்டும் முன்பே, அடைப்பிதழை விரலால் அழுத்திப் பையை முழுவதும் நிரப்பிக்கொள்ள வேண்டும். மாட்டிய பின் பையைப் பார்த்தாலே போதும்: உள்மூச்சின்போது அது சற்றுச் சுருங்கலாம், ஒட்டிப்போகக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு

நிமோனியா கண்ட ஒருவர் மூக்குக்குழலில் 4 லிட்டர் பெறுகிறார். பல்ஸ் ஆக்சிமீட்டர் 86 சதவீதம் காட்டுகிறது. நிமிடத்துக்கு 30 மூச்சு. அவருக்குச் சேமிப்புப்பை முகமூடி மாட்டப்படுகிறது. 30 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கு 2 விநாடி. 15 லிட்டர் ஓட்டத்தில் அந்த 2 விநாடியில் 500 மில்லிலிட்டர் வருகிறது. அவர் எடுப்பதும் 500. வரவும் செலவும் சரியாக இருப்பதால் பை உப்பியே நிற்கிறது. சில நிமிடங்களில் அளவு 94 ஆகிறது.

ஓட்டம் 8 லிட்டராக இருந்தால் 2 விநாடியில் வருவது 267 மில்லிலிட்டர். ஒவ்வொரு மூச்சிலும் 233 குறையும். 1 லிட்டர் பை நான்கைந்து மூச்சில் காலியாகிவிடும். அதன்பின் மேற்பட்ட தேவை இடுக்குகள் வழியே வரும் அறைக் காற்றால்தான் நிரம்பும். வீட்டில் வைத்திருக்கும் 5 லிட்டர் ஆக்சிஜன் செறிவூட்டியோடு இந்த முகமூடியை இணைப்பது இதனாலேயே பயனற்றது. அது மூக்குக்குழலுக்கு ஏற்ற கருவி. பை அதில் நிறையவே நிறையாது.

அளவு 94 ஆனதும் ஓட்டத்தை 6 லிட்டராகக் குறைத்து அதே முகமூடியைத் தொடர்வது கூடாது. குறைக்க வேண்டுமானால் கருவியையே மாற்ற வேண்டும். முதலில் எளிய முகமூடி, பின்னர் மூக்குக்குழல். மாறாக, 15 லிட்டரிலும் அளவு 90-ஐத் தொடவில்லை, அல்லது அளவு நன்றாக இருந்தும் மூச்சு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது என்றால், இம்மூன்று கருவிகளின் எல்லை முடிந்துவிட்டது. உயர் ஓட்ட மூக்குக்குழல் அல்லது செயற்கைச் சுவாசம் பற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவு முடிவு செய்ய வேண்டிய கட்டம் அது.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு மிகுதியான ஆக்சிஜன் இரத்தத்தில் கரியமில வாயுவை ஏற்றிவிடும். அவர்களுக்கு 88 முதல் 92 சதவீதமே இலக்காக வைக்கப்படுகிறது. ஆக்சிமீட்டர் கரியமில வாயுவைக் காட்டாது. தலைவலி, தூக்கக் கலக்கம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இவர்களுக்கு ஆக்சிஜன் விகிதத்தை நிலையாகத் தரும் வெஞ்சுரி முகமூடி மேலானது.

சிலிண்டரின் ஆயுள்

இந்தியாவில் பயன்படும் டி வகைப் பெரிய சிலிண்டரில் ஏறத்தாழ 7,000 லிட்டர் ஆக்சிஜன் உண்டு. மூக்குக்குழலில் 2 லிட்டர் வீதம் அது 58 மணி நேரம் ஓடும். சேமிப்புப்பை முகமூடியில் 15 லிட்டர் வீதம் 8 மணி நேரம்கூட ஓடாது. ஏறத்தாழ 1,500 லிட்டர் கொண்ட பி வகைச் சிலிண்டர் அதே முகமூடிக்கு 100 நிமிடமே தாங்கும். இவ்வகை நோயாளியை வேறு ஊருக்குக் கொண்டுசெல்லும்போது, வண்டி புறப்படும் முன்பே இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.