அண்ணாச்சி கண்டுபிடித்த 2 ரூபாய் 61 காசு

எங்கள் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சிக்குக் கோடைக்கு முன்னால் ஐஸ்கிரீம் வைக்க ஒரு டீப் ஃப்ரீசர் தேவைப்பட்டது. பஜாரில் ஒரு பெரிய கடையில் விலை கேட்டார். 36,000 ரூபாய். விற்பனைப் பையன் உடனே தவணை அட்டையை எடுத்து நீட்டினான். ஜீரோ பர்சன்ட் வட்டி, 12 தவணை, தவணைக்கு 3,000.

“வட்டியே கிடையாது அண்ணாச்சி. பன்னிரண்டு மூவாயிரம் முப்பத்தாறாயிரம். நீங்களே பெருக்கிப் பாருங்க.”

பெருக்கல் சரிதான். ஆனால் முப்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு அது போதவில்லை. “ரொக்கமா கொடுத்தா என்ன விலை தம்பி?” என்று கேட்டார்.

“ரொக்கம்னா ரெண்டாயிரம் குறைச்சுக்கலாம்.”

மேலும் கேட்டபோது இன்னும் இரண்டு விஷயம் வெளியே வந்தது. 12 தவணையில் முதல் 4 தவணையை, அதாவது 12,000 ரூபாயை, பொருள் எடுக்கும் அன்றே கட்டிவிட வேண்டும். மீதி 8 தவணை அடுத்த மாதத்திலிருந்து தொடங்கும். அதோடு பிராசசிங் கட்டணம் 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90, ஆக 590 ரூபாய்.

அண்ணாச்சி நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றிரவு கடை அடைத்த பிறகு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட முதல் கேள்வியில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. “உண்மையில் எனக்கு இவன் எவ்வளவு கடன் கொடுக்கிறான்?”

அட்டையில் இருந்தது 36,000. ஆனால் இந்தப் பெட்டியின் உண்மையான விலை அதுவல்ல. ரொக்கத்துக்குக் கிடைக்கும் 34,000தான். அதில் முதல் நாளே தன் கையிலிருந்து போவது 12,000 தவணையும் 590 கட்டணமும், மொத்தம் 12,590. அதைக் கழித்தால் மிச்சம் 21,410. அவருக்குக் கிடைக்கும் கடன் அவ்வளவுதான். திருப்பிக் கட்டுவதோ எட்டு மூவாயிரம், 24,000. இடையில் உள்ள 2,590 ரூபாய்க்கு அட்டையில் பெயர் இல்லை. நோட்டில் அண்ணாச்சி அதை ‘வட்டி’ என்று எழுதினார்.

அடுத்த கேள்வி, இது எத்தனை வட்டி? நம் ஊர் வியாபாரிகள் வருஷ சதவீதம் பேசுவதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதுதான் பேச்சு. இரண்டு வட்டி, மூன்று வட்டி என்றால் அதுதான் அர்த்தம். 2,590ஐ 34,000த்தோடு ஒப்பிட்டால் ஏழரை சதவீதம்தான் வரும். பலரும் இந்த இடத்தில் திருப்தியாகி எழுந்துவிடுகிறார்கள். அண்ணாச்சி எழவில்லை. 21,410 ரூபாயும் எட்டு மாதம் முழுக்கத் தன் கையில் இருக்கப் போவதில்லையே! மாதா மாதம் 3,000 திரும்பிப் போய்க்கொண்டே இருக்கும். முதல் தவணைப் பணம் ஒரு மாதம் இருக்கும், கடைசித் தவணைப் பணம் எட்டு மாதம் இருக்கும். ஒன்றிலிருந்து எட்டு வரை கூட்டி எட்டால் வகுத்தால் சராசரி நான்கரை மாதம். ஆக, அந்த 2,590 ரூபாய், 21,410 ரூபாயை நான்கரை மாதம் வைத்திருந்ததற்கான வட்டி.

2,590ஐ 21,410ஆல் வகுத்து, நான்கரையால் வகுத்து, நூறால் பெருக்கினார். 2 ரூபாய் 69 காசு வந்தது. இந்தக் குறுக்கு வழி உண்மையைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும். அதனால் அவர் பேரேடு போலவே போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு மாதமும் நிலுவைக்கு வட்டி ஏற்றி, 3,000 கழித்தார். இரண்டு வட்டி என்று வைத்தால் எட்டாவது தவணையில் 664 ரூபாய் அதிகமாகக் கட்டியதாக வந்தது. மூன்று வட்டி என்றால் 445 ரூபாய் பாக்கி நின்றது. உண்மை இரண்டுக்கும் நடுவில். பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் செல்போனில் எக்செல் திறந்து ஒரே வரியில் முடித்தாள்:

```
=RATE(8,-3000,21410)
```

எட்டு தவணை, தவணைக்கு 3,000, கையில் கிடைத்தது 21,410. விடை மாதம் 2.61 சதவீதம். வருஷத்துக்கு 31 சதவீதத்துக்கு மேல். வட்டிக்கு வட்டி சேர்த்துப் பார்த்தால் 36 சதவீதம்.

முன்கூட்டியே வாங்கும் அந்த நான்கு தவணை என்ன செய்கிறது என்று அண்ணாச்சி தனியாகவும் பார்த்தார். அதே 36,000, அதே 590. ஆனால் முதல் நாள் தவணை எதுவும் இல்லாமல், மாதம் ஒன்றாக 12 மாதமும் கட்டினால் வட்டி மாதம் 1 ரூபாய் 17 காசு, வருஷத்துக்கு 14 சதவீதம். கையை விட்டுப் போகும் பணம் இரண்டிலும் அதே 2,590தான். ஆனால் நான்கு தவணையை முதலிலேயே வாங்கிக்கொண்டால் கடன் தொகையும் சுருங்குகிறது, காலமும் சுருங்குகிறது. சின்னக் கடனின் தலையில் அதே சுமை ஏறுவதால் வட்டி விகிதம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. தவணை அட்டையில் நாம் முதலில் தேட வேண்டிய வரி இதுதான் என்பது என் கருத்து.

எல்லாத் தவணையும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ரொக்கத்துக்கும் அதே 36,000தான் என்று கடை உறுதியாக நின்றிருந்தால், கூடுதல் செலவு 590 மட்டுமே. அது வருஷத்துக்கு ஏழு சதவீதத்துக்கும் கீழே. அந்தக் கட்டணமும் இல்லையென்றால் அது நிஜமாகவே வட்டியில்லாக் கடன். அங்கே நிதி நிறுவனத்தின் வட்டியைத் தயாரிப்பாளரோ கடைக்காரரோ ஏற்றுக்கொள்கிறார். கடை அப்படி ஏற்கும் தொகையில் ஒரு பங்கைத்தான் ரொக்கம் கொடுப்பவர் தள்ளுபடியாகக் கேட்டு வாங்க முடிகிறது.

ரிசர்வ் வங்கி இதை எப்போதோ பார்த்துவிட்டது. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டியைப் பிராசசிங் கட்டணத்துக்குள் மறைத்து வைக்கிறார்கள் என்று 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த வருடாந்திர விகிதத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதும் விதி. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் கடன் கொடுப்பவர் வாங்கும் கட்டணங்கள்தான் அதில் இருக்கும். கடைக்காரர் ரொக்கத்துக்குக் குறைக்கத் தயாராக இருந்த 2,000 ரூபாய் அதில் வராது. அது வாயால் கேட்டால் மட்டுமே தெரியும். ஆகவே தவணை என்ற பேச்சை எடுப்பதற்கு முன்னால் ரொக்க விலையைக் கேளுங்கள்.

அண்ணாச்சி மறுநாள் ரொக்கம் கொடுத்தே ஃப்ரீசரை எடுத்தார். அட்வான்சுக்கென்று வைத்திருந்த 12,590 போக, குறைந்த 21,410 ரூபாய்க்கு மனைவியின் சங்கிலியை வங்கியில் வைத்தார். வட்டி மாதம் 80 காசு. தவணை கட்டுவது போலவே மாதம் 3,000 கட்டி வந்தார். எட்டாவது மாதம் அவர் கட்ட வேண்டியிருந்தது 1,136 ரூபாய்தான்.