கார் நடுங்கினால் முதலில் ரப்பரைப் பாருங்கள்

சிக்னலில் கார் நிற்கிறது. ஏசி ஓடுகிறது. ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது, டேஷ்போர்டுக்குள் எங்கோ கடகடவென்று சத்தம். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் எல்லாம் அடங்கிவிடுகிறது. இந்தப் புகாரோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பெரும்பாலும் முதலில் பிளக் மாறும், பிறகு திராட்டிலைக் கழுவுவார்கள், அதற்கும் பிறகு வீல் பேலன்சிங் நடக்கும். பணம் போகும், நடுக்கம் போகாது. காரணம் எஞ்சினுக்குள் இல்லாமல், எஞ்சினைத் தாங்கும் ரப்பரிலும் சைலன்சரைத் தூக்கிப் பிடிக்கும் ரப்பரிலும் இருக்கும்போது இப்படித்தான் நடக்கும்.

நல்ல எஞ்சினும் நடுங்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு சிலிண்டர்களில் பெட்ரோல் எரிகிறது. அதாவது நொடிக்கு 25 முறை எஞ்சினுக்கு ஒரு திருகு விழுகிறது. ஆரம்ப காலக் கார்களில் பலவற்றில் எஞ்சினைச் சேசிஸோடு நேரடியாக போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். அந்தத் திருகு முழுவதும் பயணியின் உடம்புக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1931-இல் தன் பிளைமவுத் கார்களில் ‘ஃப்ளோட்டிங் பவர்’ என்ற பெயரில் எஞ்சினை ரப்பர்மேல் மிதக்கவிட்டது. பிரான்சின் சித்ரோயன் நிறுவனமும் உரிமம் பெற்று அந்த முறையை எடுத்துக்கொண்டது. இன்று நாம் ஓட்டும் எல்லாக் கார்களிலும் இருப்பது அந்தக் கொள்கைதான்.

முன்சக்கரம் இழுக்கும் சிறிய கார்களில் பொதுவாக மூன்று மவுண்டிங் இருக்கும். எஞ்சின் பக்கம் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று. இந்த இரண்டும் எடையைத் தாங்குகின்றன. மூன்றாவது கீழே, எஞ்சினுக்குப் பின்புறம் இருக்கும். இரண்டு முனையிலும் ரப்பர் புஷ் வைத்த குட்டையான ஒரு கம்பி அது. டார்க் ராட் என்பார்கள். எடை தாங்குவது அதன் வேலை இல்லை; எஞ்சின் முன்னும் பின்னும் புரளாமல் பிடித்துக்கொள்வதுதான் வேலை. பல கார்களில் முதலில் கிழிவதும் அதுதான். காரணம் எளிது. முதல் கியரில் எஞ்சினின் திருகுவிசை 13, 14 மடங்காகப் பெருகிச் சக்கரத்துக்குப் போகிறது. சக்கரத்தை முன்னே தள்ளும் அதே அளவு விசை எஞ்சினைப் பின்பக்கமாகப் புரட்டப் பார்க்கிறது. ஒவ்வொரு சிக்னலிலும் ஒவ்வொரு ரிவர்ஸிலும் அந்த அடி இந்தச் சிறிய ரப்பருக்கு விழுகிறது.

ஏசி போட்டதும் நடுக்கம் கூடுவதற்கும் காரணம் உண்டு. கம்ப்ரசரின் சுமை ஏறியதும் எஞ்சின் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நிற்கும். ரப்பர் நன்றாக இருந்தால் அந்த முறுக்கை உள்வாங்கிக்கொள்ளும். தளர்ந்த ரப்பர் நசுங்கி, இரும்போடு இரும்பு தொட்டுவிடும். தொட்ட இடம் வழியாக நொடிக்கு 25 துடிப்பும் பாடிக்குள் போகிறது. சுற்று கூடினால் துடிப்பு வேகமெடுத்து, ஸ்டியரிங்கையும் சீட்டையும் உலுக்கும் அந்த மெதுவான அதிர்வு மறைந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அடங்குவது இதனால்தான்.

சைலன்சரையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். எஞ்சினிலிருந்து பின் பம்பர் வரை போகும் அந்த நீண்ட குழாய் முன்னால் எஞ்சினோடு பிணைந்திருக்கிறது. அதன்பின் வழி நெடுக ரப்பர் வளையங்களில் தொங்குகிறது. எஞ்சின் ஆடினால் அதுவும் ஆடும். கூடவே சூட்டில் நீளும். இரண்டரை மீட்டர் இரும்புக் குழாயின் வெப்பநிலை 250 டிகிரி ஏறினால் அது ஏழெட்டு மில்லிமீட்டர் நீண்டுவிடும். இந்த ஆட்டத்துக்கும் நீட்சிக்கும் இடம் கொடுப்பவை அந்த ரப்பர்கள். ஒன்று அறுந்தால் குழாய் அரை அங்குலம் தொய்ந்து, பாடியையோ அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தையோ தொடும். காலையில் ஸ்டார்ட் செய்தபோது இல்லாத சத்தம் கால் மணி நேரம் ஓடியபின் வருகிறது என்றால், நீண்ட குழாய் எங்கோ தட்டுகிறது என்று சந்தேகிக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் காரில் இந்த இரண்டும் சேர்ந்தே இருந்தன. ஒன்பது வயதான நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். ஐடிலிங்கில் ஸ்டியரிங் நடுக்கம். ரிவர்ஸ் போட்டு கிளட்சை விட்டால் ‘டொக்’ என்று ஓர் அடி. நெடுஞ்சாலையில் 2,500 சுற்றை நெருங்கும்போது காதை அடைக்கும் ‘உம்ம்’ என்ற ரீங்காரம். பிளக்கும் மாற்றியாகிவிட்டது, வீல் பேலன்சிங்கும் செய்தாகிவிட்டது. பிறகுதான் அடிப்பாகம் பார்ப்பதில் கைதேர்ந்த ஒரு மெக்கானிக்கிடம் போனார்.

அந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கவில்லை. “சார், வண்டி நிக்கும்போது ஆக்சிலரேட்டர் குடுத்தா அந்த ரீங்காரம் வருதா?” என்று கேட்டார். வந்தது. ஓடாமல் நிற்கும் காரில் வரும் சத்தத்துக்குச் சக்கரத்தைக் குறை சொல்ல முடியாது. அதோடு பாதிச் சந்தேகம் தீர்ந்தது. அடுத்து பானெட்டைத் திறந்தார். உதவியாளரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதிக்கச் சொல்லி, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமாக விடச் சொன்னார். அதேபோல் ரிவர்ஸிலும். தான் காருக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றுகொண்டார். எஞ்சின் லேசாகச் சாய்வது இயல்பு. இந்த எஞ்சினோ ஒவ்வொரு முறையும் இரண்டு விரல்கடை அளவுக்குத் துள்ளியது. பிட்டில் இறங்கி டார்க் ராடை நெம்புகோலால் நெம்பிப் பார்த்தபோது, ரப்பர் இரும்பு வளையத்தை விட்டுப் பாதிக்கும் மேல் பிய்ந்திருந்தது தெரிந்தது.

பிறகு ஆறியிருந்த சைலன்சரின் வால்குழாயைப் பிடித்து எல்லாப் பக்கமும் ஆட்டினார். நடுவில் ஓரிடத்தில் குழாய் அசைய மறுத்தது. அங்கே ரப்பர் எப்போதோ அறுந்து, யாரோ கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். குழாயின் வளைவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துரு இல்லாமல் பளபளப்பாகத் தேய்ந்திருந்தது. நேர் மேலே பாடியிலும் அதே தேய்மானம். குழாய் தட்டும் இடத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. “கம்பி கட்டினா சத்தம் நிக்கும்னு நினைக்கிறாங்க சார். ரப்பர் இருந்த இடத்துல கம்பி வந்தா மொத்த அதிர்வும் பாடிக்குத்தான் போகும்” என்றார்.

இரண்டு பழுதையும் ஒரே நேரத்தில் அவர் தொடவில்லை. முதலில் கம்பியை வெட்டிவிட்டுப் புது ரப்பர் மாட்டினார். ரீங்காரம் முற்றிலும் நின்றது. நடுக்கமும் ‘டொக்’கும் அப்படியே இருந்தன. அடுத்து டார்க் ராடை மாற்றினார். ‘டொக்’ போனது, நடுக்கம் பெருமளவு குறைந்தது. மிச்சம் இருந்த கொஞ்சத்துக்குக் காரணம் எஞ்சின் பக்க மவுண்டிங். டேப்பெட் கவர் பேக்கிங்கில் கசிந்த ஆயில் அதன்மேல் வழிந்து ரப்பர் ஊறி உப்பியிருந்தது. பேக்கிங்கை மாற்றிக் கசிவை நிறுத்திய பிறகே புது மவுண்டிங்கைப் போட்டார். இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில்தான் போயிருக்கும்.

கோளாறு தொடங்கிய வரிசையும் இதிலிருந்து விளங்கியது. டார்க் ராட் கிழிந்ததால் எஞ்சின் அளவுக்கு மீறி ஆடியது. அந்த ஆட்டம் சைலன்சரை இழுத்து இழுத்து ரப்பரை அறுத்தது. சைலன்சர் ரப்பர் அடிக்கடி அறுகிறதென்றால் மவுண்டிங்கைப் பார்க்க வேண்டும். மறுபக்கமும் உண்மை: ரப்பர் அறுந்த சைலன்சரின் பாரம் முன்னால் உள்ள வளையும் குழாயிலும் இணைப்புகளிலும் விழுந்து, நாளடைவில் அவை விரிசல் விடும். அங்கே கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு மணம் இல்லை. காருக்குள் வந்தால் உயிருக்கே ஆபத்து.

மாற்றும் வேலையில் தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. எஞ்சினைத் தாங்க ஜாக்கியை நேராக ஆயில் பானில் வைத்தால் பான் நசுங்கும். அகலமான மரக்கட்டையை இடையில் வைக்க வேண்டும். புது மவுண்டிங்கின் போல்ட்டுகளை ஜாக்கியில் எஞ்சின் தூக்கி நிற்கும்போதே முழுதாக இறுக்கிவிட்டால், ரப்பர் பிறந்த நாளிலிருந்தே முறுக்கிக்கொண்டு நிற்கும். புதுசு போட்டும் நடுக்கம் போகவில்லை என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். எஞ்சினை அதன் இயல்பான இடத்தில் உட்காரவிட்டு, லேசாக ஆட்டிவிட்டு, அதன்பிறகே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். சைலன்சர் ரப்பரைக் கொக்கியில் ஏற்ற சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸோ ஆயிலோ தடவினால் ரப்பர் கெடும்.

எல்லா நடுக்கத்துக்கும் ரப்பர்மேல் பழி போடவும் கூடாது. 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் மட்டும் ஸ்டியரிங் ஆடுகிறது என்றால் சக்கரத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டுக் குலுங்கி, செக் எஞ்சின் விளக்கும் எரிந்தால் பிளக், காயில் பக்கம் போக வேண்டும். குறிப்பிட்ட ஒரு சுற்றில் மட்டும் தகரம் அதிர்வதுபோல் கேட்டால், சைலன்சருக்கு மேலே உள்ள வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்திருக்கலாம். மூன்று சிலிண்டர் கார்களில் ஐடிலிங்கில் சிறிது நடுக்கம் இயல்பானது. அது முன்பைவிடக் கூடியிருக்கிறதா என்பதே கேள்வி.

ஆகவே அடுத்த முறை சர்வீசுக்கு விடும்போது “நடுங்குகிறது, பாருங்கள்” என்று மட்டும் சொல்லாதீர்கள். நிற்கும்போதா ஓடும்போதா, எந்தக் கியரில், ஏசி போட்டா போடாமலா, எஞ்சின் ஆறியிருக்கும்போதா சூடானபிறகா என்று சொல்லுங்கள். பிளக்குக்கும் பேலன்சிங்குக்கும் பணம் கட்டுவதற்கு முன், காரை மேலே ஏற்றி மவுண்டிங்கையும் சைலன்சர் ரப்பர்களையும் உங்கள் கண்முன்னே ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். சைலன்சரில் கட்டுக்கம்பி தென்பட்டால் அன்றைக்கே அவிழ்த்து ரப்பர் போடச் சொல்லுங்கள்.