ஒரு யூகத்துக்கு என்ன விலை?

லாகின் பக்கத்தில் பயனர்பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் கீழே வளைந்து நெளிந்த சில எழுத்துகள் இருக்கும். இல்லாவிட்டால் போக்குவரத்து விளக்குகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் படக்கட்டங்கள் இருக்கும். இதுதான் கேப்ட்சா. கணினியையும் மனிதரையும் பிரித்தறியும் சோதனை என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் இது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வான் ஆன், மேனுவல் புளூம் முதலியோர் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது அவர்கள் முன் இருந்த சிக்கல் லாகின் அல்ல. இலவச மின்னஞ்சல் தந்த யாஹூவில் நிரல்கள் தாமாகவே ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகளைத் திறந்துகொண்டிருந்தன. அந்த வேலைக்குக் கேப்ட்சா பொருத்தமான கருவி, ஏனென்றால் அங்கே கேட்கவேண்டிய கேள்வியே ‘வந்திருப்பது மனிதரா?’ என்பதுதான்.

லாகின் பக்கத்தில் கேள்வி வேறு. வந்திருப்பவர் இந்தக் கணக்கின் சொந்தக்காரர்தானா என்று அங்கே தெரிந்தாகவேண்டும். கடவுச்சொல்லைத் திருட வருபவரும் மனிதர்தான், அவருக்கும் எழுத்துகளைப் படிக்கத் தெரியும். அப்படியிருந்தும் கேப்ட்சாவை அங்கே வைப்பதற்குக் காரணம் உண்டு. நிரல் ஒன்று நொடிக்கு நூறு கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு கேப்ட்சாவைத் தீர்க்கவேண்டும் என்றால் அந்த வேகம் அடங்கும், ஒவ்வொரு யூகத்துக்கும் ஒரு செலவு ஏற்படும். லாகின் பக்கத்தில் கேப்ட்சா செய்யும் வேலை இவ்வளவே. ஆகவே அது எந்த அளவுக்குக் காக்கும் என்பது அந்தச் செலவு எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

அந்த விலையைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில் கணக்கிட்டார்கள். கேப்ட்சாவைத் தீர்த்துத் தருவதையே தொழிலாகச் செய்யும் சேவைகள் அப்போதே பல இருந்தன. தாக்குபவரின் நிரல் படத்தை அந்தச் சேவைக்கு அனுப்பும். கூலி குறைந்த நாடு ஒன்றில் திரை முன் உட்கார்ந்திருக்கும் தொழிலாளி எழுத்துகளைத் தட்டுவார், சில நொடிகளில் விடை திரும்பிவரும். ஆயிரம் கேப்ட்சாவுக்குச் சந்தை விலை ஏறத்தாழ 1 டாலராக இருந்தது. அன்றைய மதிப்பில் ஒரு விடைக்கு ஐந்து காசு கூட ஆகவில்லை. தீர்ப்பவர்கள் எந்த மொழியினர் என்று கண்டறிய ஆய்வாளர்கள் வெவ்வேறு மொழிகளில் கேப்ட்சா தயாரித்து அனுப்பிப் பார்த்தார்கள், அவற்றில் தமிழும் ஒன்று. நிரலே படத்தைப் படித்துவிடும் வழிகளை இங்கே கணக்கில் சேர்க்கவே இல்லை. படிக்க முடியாத அளவுக்கு எழுத்தைக் கோணலாக்கினாலும், மனிதரே படித்துத் தரும்போது அதனால் பயன் இல்லை. கண்பார்வை குறைந்த உண்மையான பயனர்தான் அதில் தடுமாறுவார்.

இந்த விலையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் இணையதளம் நான்கு இலக்கப் பின் எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்திருக்கிறது, ஒவ்வொரு முயற்சிக்கும் கேப்ட்சா கேட்கிறது, வேறு காவல் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள். எல்லாவற்றையும் முயல 10,000 கேப்ட்சாக்கள் தேவை, அதாவது 10 டாலர். அதற்குள் பின் எண் கட்டாயம் கிடைத்துவிடும். அதே தளம் கேப்ட்சாவை எடுத்துவிட்டு, ஒரு கணக்கில் ஐந்து முறை தவறினால் உரியவரிடம் வேறு வழியில் உறுதி கேட்கும்வரை நிறுத்திவைக்கிறது என்றால், கண்மூடி யூகிப்பவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு 2,000இல் ஒன்று. கேப்ட்சா யூகங்களுக்கு விலை வைக்கிறதே ஒழிய, எத்தனை யூகங்கள் என்பதற்கு வரம்பு வைப்பதில்லை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி இவ்வளவு பெரியது.

ஒவ்வொரு முறையும் கேப்ட்சா கேட்டால் பயனர்கள் சலித்துப்போவார்கள் என்பது தொடக்கத்திலேயே தெரிந்த சங்கதி. பென்னி பிங்காஸ், தாமஸ் சாண்டர் என்ற இருவர் 2002இல் இதற்கு அழகான ஒரு வழி சொன்னார்கள். ஒரு கணினியிலிருந்து முன்பு சரியாக லாகின் செய்திருந்தால் அதன் அடையாளமாக உலாவியில் ஒரு குக்கீ இருக்கும். அப்படிப்பட்ட கணினியிலிருந்து வருபவரிடம் கேப்ட்சா கேட்கவேண்டியதில்லை. புதிய கணினியிலிருந்து வருபவர் சரியான கடவுச்சொல் கொடுத்தால், உள்ளே விடும் முன் கேப்ட்சா கேட்கவேண்டும். தவறான கடவுச்சொல் கொடுத்தால் பெரும்பாலும் ‘தவறு’ என்று உடனே சொல்லிவிடலாம், ஆனால் நூறில் ஐந்து போன்ற ஒரு சிறு பங்குக்குக் கேப்ட்சாவைக் காட்டவேண்டும். அதனால் கேப்ட்சா வந்ததை வைத்து மட்டும் கடவுச்சொல் சரியா தவறா என்று தாக்குபவரால் சொல்ல முடியாது, அதைத் தீர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

இதில் நுட்பமான ஓர் இடம் இருக்கிறது. எந்தத் தவறான கடவுச்சொல்லுக்குக் கேப்ட்சா காட்டுவது என்பதை ஒவ்வொரு முறையும் பகடை உருட்டி முடிவு செய்யக்கூடாது. அப்படிச் செய்தால் தாக்குபவர் ஒரே கடவுச்சொல்லைப் பத்து முறை போடுவார். பத்து முறையும் கேப்ட்சா வந்தால் அது சரியான கடவுச்சொல் என்று கேப்ட்சாவைத் தீர்க்காமலே கண்டுகொள்வார். குறிப்பிட்ட பயனர்பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் எப்போதும் ஒரே முடிவு வரும்படி அமைக்கவேண்டும். ஆனாலும் மேலே சொன்ன பின் எண்ணில் இதைப் பொருத்தினால், தாக்குபவர் தீர்க்கவேண்டியது ஏறத்தாழ 500 கேப்ட்சாக்கள், செலவு அரை டாலர். பயனரின் சிரமம் குறைய, தாக்குபவரின் செலவும் கூடவே குறைகிறது. கடவுச்சொற்களின் எண்ணிக்கை மிகப் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் இந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்கும்.

இதுவரை சொன்னது கேப்ட்சா சரியாக வேலைசெய்யும் நிலை. நடைமுறையில் பல தளங்களில் கேப்ட்சாவைத் தீர்க்கவே தேவையில்லாமல் போகிறது. மூன்று முறை தவறினால் கேப்ட்சா காட்டும் பக்கங்கள் நிறைய உண்டு. அந்த ‘மூன்று’ என்ற எண்ணிக்கையை உலாவியின் குக்கீயோடு சேர்த்து வைத்திருந்தால், தாக்கும் நிரல் குக்கீயைத் திருப்பி அனுப்பாமலே இருந்துவிடும். சர்வரின் பார்வையில் ஒவ்வொரு முயற்சியும் ஒரு புதியவரின் முதல் முயற்சி, எனவே கேப்ட்சா ஒருபோதும் தோன்றாது. இன்னொரு பிழை, ஒருமுறை சரியாகச் சொன்ன விடையைச் செல்லாததாக்க மறப்பது. அப்போது ஒரே விடையை வைத்துக்கொண்டு ஆயிரம் கடவுச்சொற்களைப் போடலாம். கூகுளின் ரீகேப்ட்சா தரும் டோக்கன் இரண்டு நிமிடம்தான் செல்லும், ஒரே முறைதான் சரிபார்க்கப்படும் என்ற விதி இதைத் தடுக்கவே. அந்தச் சரிபார்ப்பையும் தளத்தின் சர்வர்தான் கேட்டுச் செய்யவேண்டும். பக்கத்தில் பெட்டியைக் காட்டிவிட்டுச் சர்வரில் சோதிக்காமல் விட்டால், வெறும் படம்தான் மிஞ்சும்.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை, கேப்ட்சா இல்லாத இன்னொரு கதவு. வேர்ட்பிரஸ் தளங்கள் இதற்குக் கண்கூடான உதாரணம். அவற்றின் லாகின் பக்கம் `wp-login.php`. உரிமையாளர் அங்கே கேப்ட்சா நீட்சியை நிறுவிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார். ஆனால் கைபேசிச் செயலி போன்றவை பேசுவதற்காக `xmlrpc.php` என்ற கோப்பும் அதே தளத்தில் உண்டு. 3.5 பதிப்பிலிருந்து அது தானாகவே திறந்திருக்கிறது. அதுவும் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிச் சரிபார்க்கும், ஆனால் அங்கே படம் காட்ட இடமே இல்லை. 2015இல் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. `system.multicall` என்ற வசதியால் நூற்றுக்கணக்கான கடவுச்சொற்களை ஒரே கோரிக்கைக்குள் அடுக்கி அனுப்ப முடிந்தது. கோரிக்கைகளை எண்ணிக் காவல் காத்த கருவிகளுக்கு அது ஒரே ஒரு வருகையாகத் தெரிந்தது. 4.4 பதிப்பில், ஒரு கோரிக்கைக்குள் முதல் கடவுச்சொல் தவறினால் மீதி எல்லாமே தவறும்படி திருத்தினார்கள். கோரிக்கைக்கு ஒன்றாக அனுப்பும் வழி அதற்குப் பிறகும் இருக்கிறது. தளத்தை நடத்துபவர் சர்வர் பதிவேட்டில் இதைப் பார்த்துக்கொள்ளலாம்:

```
grep -c "POST /xmlrpc.php" access.log
```

கைபேசிச் செயலி எதுவும் பயன்படுத்தாத சிறு தளத்தில் இந்த எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் வந்தால், யாரோ அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடவுச்சொல் தவறினாலும் இந்தக் கோப்பு 200 என்ற வெற்றிக் குறியையே பதிவேட்டில் விட்டுச்செல்லும், ஆகவே குறியைப் பார்த்து ஏமாறக்கூடாது. தேவையில்லை என்றால் கோப்பை அடைத்துவிடுவதே நல்லது.

அப்படியானால் யூகத்தை உண்மையில் தடுப்பது எது? முதலாவது, தவறிய முயற்சிகளைக் கணக்குவாரியாக, சர்வரிலேயே, எல்லாக் கதவுகளுக்கும் சேர்த்து எண்ணுவது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு கணக்கில் தொடர்ந்து 100 தவறுகளுக்கு மேல் அனுமதிக்கக்கூடாது என்கிறது. கேப்ட்சாவை அது கூடுதல் உதவிகளில் ஒன்றாகத்தான் குறிப்பிடுகிறது. வரம்பை மிகச் சிறிதாக வைத்துக் கணக்கையே பூட்டினால் வேறு தொல்லை வரும். பிடிக்காதவரின் பயனர்பெயரைப் போட்டு வேண்டுமென்றே ஐந்து முறை தவறினால் போதும், உரியவர் உள்ளே போக முடியாது. இங்கேதான் கேப்ட்சாவுக்கு நியாயமான இடம் இருக்கிறது. சில தவறுகளுக்குப் பிறகு கணக்கைப் பூட்டாமல், காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் கேப்ட்சாவும் கேட்டால், உரியவர் சற்றே சிரமப்பட்டாவது நுழைந்துவிடுவார்.

கணக்குவாரி எண்ணிக்கையும் முழுக்காவல் அல்ல. தாக்குபவர் ஒரே கணக்கில் பல கடவுச்சொற்களைப் போடாமல், 123456 என்ற ஒரே கடவுச்சொல்லை ஒரு லட்சம் கணக்குகளில் போடலாம். எந்தக் கணக்கிலும் தவறு ஒன்றைத் தாண்டாது. அவருக்கு ஆகும் கேப்ட்சாச் செலவு 100 டாலர். வேறொரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலை வைத்து, ஆளுக்கு ஒரு கடவுச்சொல் என்று முயல்பவருக்கும் இதே செலவுதான். இதற்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. புழக்கத்தில் உள்ள, ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களைப் பதிவுசெய்யும்போதே மறுத்துவிடவேண்டும். கடவுச்சொல் சரியாக இருந்தாலும் செயலியில் தோன்றும் எண் போன்ற இரண்டாவது சான்றைக் கேட்கவேண்டும்.

தளத்தில் இப்படி ஒரு தாக்குதல் நடக்கிறதா என்பதைக் கேப்ட்சாவே காட்டிக்கொடுக்கும். ‘கேப்ட்சா சரி, கடவுச்சொல் தவறு’ என்று முடியும் முயற்சிகளைத் தனியே எண்ணினால் போதும். உண்மையான பயனர் தவறினால் அதே கணக்கில் இரண்டு மூன்று முறை முயல்வார், பிறகு நுழைவார் அல்லது ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்பதை அழுத்துவார். அந்த எண்ணிக்கை திடீரென்று ஏறி, ஒவ்வொரு கணக்கிலும் ஒரே ஒரு தவறாகப் பரவிக்கிடந்தால், எங்கோ ஆயிரத்துக்கு ஒரு டாலர் வீதம் விடைகளை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.