தேக்குக்குப் பின்னால் எந்தச் சாம்பல்?

பெயின்ட் கடையில் ஷேட் கார்டைப் புரட்டும்போது சாம்பல் நிறங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். எதிலும் நீலமோ மஞ்சளோ கலந்திருப்பதாகத் தோன்றாது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஹால் முழுக்க அடித்து, வெளியே எடுத்துவைத்த தேக்கு பீரோவையும் சோபாவையும் திரும்ப உள்ளே போட்ட பிறகுதான், "சாம்பல்தானே சொன்னோம், ஏன் நீலமா தெரியுது?" என்ற பேச்சு வீட்டில் கிளம்பும். பெயின்டர் கலவையை மாற்றிவிட்டார் என்று அவர்மேல் கோபம் திரும்பும். பெரும்பாலும் அவர் செய்தது சரியாகவே இருக்கும். சுவரை நீலமாகக் காட்டுவது அந்த பீரோதான்.

இதற்கான விளக்கம் ஒரு திரைச்சீலைப் பட்டறையிலிருந்து வந்தது. பாரிஸ் நகரில் கோப்லென் என்ற புகழ்பெற்ற நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824-இல் பொறுப்பேற்றவர் மிஷேல் யூஜின் செவ்ரோல் என்ற வேதியியலாளர். அங்கே சாயமேற்றிய கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. அவர் சாயத்தை ஆராய்ந்தார், அதில் குறையில்லை. நீலம், ஊதா நூல்களுக்குப் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் அந்தக் கறுப்பு வலுவிழந்து தெரிந்தது. ஒரு நிறம் தனக்கு எதிரான நிறத்தைப் பக்கத்து நிறத்தின்மேல் ஏற்றிவிடுகிறது என்பதை 1839-இல் பெரிய நூலாகவே அவர் எழுதினார். இன்றைக்கும் உள் அலங்காரத்தில் நிறம் பார்ப்பவர்கள் கைக்கொள்வது இந்த விதியைத்தான்.

தேக்கு தன்மேல் விழும் ஒளியில் நீலத்தை விழுங்கி, மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் அதற்கு அந்தப் பொன் கலந்த பழுப்பு. நிறக் கணக்கில் அது கறுத்துப்போன ஆரஞ்சு. ஆரஞ்சுக்கு எதிர்நிறம் நீலம். தேக்கைப் பார்த்த கண், பக்கத்தில் இருக்கும் நிறமில்லாத பரப்பில் கொஞ்சம் நீலத்தைப் பூசிப் பார்க்கும். அந்தப் பரப்பில் ஏற்கெனவே கொஞ்சம் நீலம் இருந்தால் அது இரட்டிப்பாகத் தெரியும். அதே நேரம் மரமும் இன்னும் ஆரஞ்சாகத் தெரியும். கூல் கிரே சுவருக்கு முன்னால் புது வார்னிஷ் அடித்த தேக்கு கண்ணைக் குத்துவது இதனால்தான்.

வெள்ளையில் கறுப்பைக் கலந்தால் கலப்பில்லாத சாம்பல் கிடைக்கும் என்று நினைக்கிறோம். விளக்குக் கரி போன்ற கறுப்பை வெள்ளையில் கலந்தால் வருவது லேசாக நீலம் ஓடும் சாம்பல். அது தன்னாலேயே கூல் கிரே பக்கம் சாய்ந்திருக்கும். கடைக்காரர் வார்ம் கிரே என்று தருவதில் கறுப்போடு மஞ்சள் ஆக்சைடோ சிவப்பு ஆக்சைடோ சிறிது சேர்ந்திருக்கும். கார்டில் பார்க்கும்போது அது கொஞ்சம் அழுக்கேறிய மாதிரி, மண் கலந்த மாதிரி தெரியும். அதைப் பார்த்துத்தான் பலரும் ஒதுக்கிவிட்டு, பளிச்சென்ற கூல் கிரேயை எடுக்கிறார்கள். ஆனால் தேக்குக்குப் பின்னால் போனதும் மரம் ஏற்றும் நீலமும் சுவரில் இருக்கும் மஞ்சளும் ஒன்றையொன்று சரிசெய்துகொள்ளும். கார்டில் மண்ணாகத் தெரிந்த அந்த நிறம்தான் சுவரில் அசல் சாம்பலாகத் தெரியும்.

வார்ம் கிரே என்று எழுதியிருந்தாலே போதும் என்று விட்டுவிட முடியாது. மஞ்சள் ஆக்சைடு கறுப்போடு சேரும்போது சில கலவைகளில் பச்சை எட்டிப்பார்க்கும். சிவப்பு கூடினால் ரோஸ் நிறம் தட்டும். தேக்கின் இயல்பான பொன்னிறத்துக்கு மஞ்சள்-பழுப்புப் பக்கம் சாய்ந்த சாம்பல் பொருந்தும். மரத்துக்குச் செக்கச்செவேலென்று பாலிஷ் போட்டிருந்தால் பச்சை ஓடும் சாம்பலைத் தொடவே கூடாது; சிவப்பின் எதிர்நிறம் பச்சை, சுவரில் பாசி பிடித்ததுபோல் ஆகிவிடும். பழுப்பு மிகுந்துபோனாலும் கெடுதல்தான். சுவரும் மரமும் ஒரே சாயலாகி, நல்ல வேலைப்பாடுள்ள நாற்காலிகூடச் சுவரில் கரைந்துபோகும். அந்த இடத்தில் மரத்தைவிட நன்றாக வெளுத்த வார்ம் கிரேயை எடுப்பதே வழி.

அப்படியானால் கூல் கிரேக்கு மரத்தோடு ஒட்டே கிடையாதா? உண்டு. ஈட்டி மரம் இருக்கிறதே, ரோஸ்வுட், அதில் ஆரஞ்சு குறைவு. கருமையும் ஊதாவும் மிகுதி. அதற்குப் பின்னால் வெளிர் கூல் கிரே அடித்தால் மரத்தின் கருவரிகள் தெளிந்து எழும். என் கணிப்பில் ஈட்டி மரச் சாமான்களுக்கு இதைவிட நல்ல பின்னணி இல்லை. கறுப்புச் சாயம் ஏற்றிய மரத்துக்கும் இது பொருந்தும்.

இனி விளக்கு. நம் வீடுகளில் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. டியூப். அதில் நீலம் அதிகம். அந்த வெளிச்சத்தில் கூல் கிரே பனிக்கட்டியைப் போலத் தெரியும், தேக்கு உயிரற்றுப்போகும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் அதே வார்ம் கிரே சந்தனத்தை நோக்கிப் போய்விடும். மரச் சாமான் உள்ள ஹாலுக்கு இடைப்பட்ட 4000 கெல்வின் நல்லது. பெட்டியில் சி.ஆர்.ஐ. 90 என்று போட்டிருந்தால் மரத்தின் சிவப்பும் மங்காமல் தெரியும். பகலில் வடக்கு ஜன்னல் மட்டும் உள்ள அறைக்கு ஆண்டின் பெரும்பகுதி வானத்தின் நீல ஒளியே வரும். அங்கே கூல் கிரே இன்னும் குளிரும். மேற்கு ஜன்னல் அறையில் மாலை வெயில் வார்ம் கிரேயைப் பழுப்பாக்கிவிடும்.

ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். வடக்கு ஜன்னல், கிரீம் நிற டைல்ஸ், தேக்கு நிலைக்கதவு, தேக்கு சோபா. கடையில் இரண்டு வார்ம் கிரே, ஒரு கூல் கிரே சிறு டப்பாக்களில் வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி வெள்ளை அட்டைகளில் இரண்டு கோட் அடியுங்கள். பழைய சுவரிலேயே அடித்துப் பார்த்தால் சுற்றியுள்ள பழைய நிறம் ஏமாற்றும். நன்கு காய்ந்த பிறகு அட்டையைச் சோபாவின் முதுகுக்குப் பின்னால் மரத்தை ஒட்டி நிறுத்துங்கள். அதன் ஓரத்தில் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்தால் உள்ளே ஒளிந்திருக்கும் நீலம், பச்சை, ரோஸ் எல்லாம் வெளிப்பட்டுவிடும். காலை, நடுப்பகல், மாலை, விளக்குப் போட்ட பின் என்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். இந்த ஹாலில் கூல் கிரே அட்டை காலையிலேயே நீலமாகிவிடும். பழுப்பு மிகுந்த வார்ம் கிரே, டைல்ஸின் கிரீமும் சேர்ந்துகொள்ள, இரவில் கலங்கித் தெரியும். மிச்சமிருக்கும் அந்த லேசான வார்ம் கிரேதான் நாள் முழுக்கச் சாம்பலாகவே நிற்கும்.

ஏற்கெனவே கூல் கிரே அடித்தாகிவிட்டது என்றால் உடனே சுவரைச் சுரண்ட வேண்டாம். முதலில் விளக்கை மாற்றுங்கள். பிறகு சோபாவை அரையடி முன்னால் இழுத்துப் போடுங்கள். இரண்டு நிறமும் ஒன்றையொன்று தொடும் விளிம்பில்தான் இந்த மாயம் மிக வலுவாக இருக்கும். இடையில் கோரா நிறத் துணி விரிப்போ வெள்ளைத் திரையோ வந்தால் இன்னும் தணியும். இவ்வளவும் செய்து நீலம் போகவில்லையென்றால் சோபாவுக்குப் பின்னால் உள்ள அந்த ஒரு சுவரை மட்டும் வார்ம் கிரேக்கு மாற்றினாலே போதும்.