ஐந்து மணி நேரம் காணாமல் போன சேலைகள்

இணையக் கடை நடத்தும் சிறு குழுக்களில், தளத்தில் ஏதாவது கோளாறு வந்து சரிசெய்த மறுநாள் ஒரு குறிப்பு எழுதுவார்கள். என்ன நடந்தது, எதனால், யாருக்கு எப்போது தெரிந்தது, இனி என்ன மாற்றுவது என்று இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அந்த இரண்டு பக்கத்தை ஒழுங்காக எழுதினால் அதே கோளாறு திரும்ப வராது. ஆனால் பலர் எழுதுவது இப்படித்தான் இருக்கிறது: ‘ஒரு நிபந்தனை விடுபட்டுவிட்டது. சரிசெய்தாயிற்று. இனி கவனமாக இருப்போம்.’ இதைப் படித்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. நல்ல குறிப்பு எப்படி உருவாகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்க்கலாம்.

சேலை விற்கும் ஒரு சிறு இணையக் கடை என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் வேலைக்கு மூன்று பேர், வாடிக்கையாளர் போனை எடுக்க ஒரு பெண், தளத்தில் சுமார் 1,400 சேலைகள். விரைவில் வரப்போகும் சேலைகளை முன்கூட்டியே ஏற்றி, விற்பனை நாள்வரை மறைத்து வைக்க ஒரு வசதி வேண்டும் என்று முதலாளி கேட்கிறார். பொருட்களின் அட்டவணையில் `is_visible` என்று புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்க்கிறார்கள். அதில் ‘ஆம்’ என்று இருந்தால் சேலை தெரியும், ‘இல்லை’ என்றால் மறையும். வியாழன் மாலை 6:10-க்குப் புதிய கோடு தளத்துக்குப் போகிறது.

அதை எழுதிய இளைஞர் பொறுப்பானவர். ரிலீஸ் ஆனதும் ஒரு சேலையைப் புதிதாக ஏற்றிப் பார்க்கிறார், தெரிகிறது. இன்னொன்றை ஏற்றி மறைக்கிறார், மறைகிறது. முகப்புப் பக்கமும் பளிச்சென்று திறக்கிறது. வேலை முடிந்தது என்று கிளம்புகிறார்.

அந்த நேரத்தில் பழைய சேலைகள் அத்தனையும் தளத்திலிருந்து மறைந்துவிட்டிருந்தன. பக்கங்களைத் தேடி எடுக்கும் புதிய வரி இதுதான்:

```sql
SELECT * FROM products WHERE is_visible = TRUE;
```

புதிதாக ஏற்றிய சேலைகளுக்கு அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ இருந்தது. பழைய 1,400 சேலைகளுக்கு அது வெறுமையாக இருந்தது. டேட்டாபேஸ் மொழியில் அந்த வெறுமைக்கு `NULL` என்று பெயர். அதை ‘ஆம்’ ஆகவும் எடுத்துக்கொள்ளாது, ‘இல்லை’ ஆகவும் எடுத்துக்கொள்ளாது. ‘தெரியாது’ என்றே வைத்துக்கொள்ளும். ‘ஆம்’ என்று இருப்பவற்றைக் கேட்டால் அவை வரா. ‘இல்லை’ என்று இருப்பவற்றைக் கேட்டாலும் வரா. நிர்வாகப் பக்கத்தில் ‘மறைக்கப்பட்டவை’ பட்டியலைத் திறந்து பார்த்தால்கூட, இளைஞர் சோதனைக்கு மறைத்த ஒரே ஒரு சேலைதான் அங்கே இருக்கும்.

சோதனைக் கணினியில் இது ஏன் பிடிபடவில்லை? அங்கிருந்த மாதிரிச் சேலைகள், கட்டத்தைச் சேர்த்த பிறகு புதிதாக உருவாக்கப்பட்டவை. எல்லாவற்றிலும் ‘ஆம்’ இருந்தது. பழைய சரக்கு என்ற ஒன்றே அங்கே கிடையாது.

குறிப்பில் அடுத்து வரவேண்டியது நேரவரிசை. என்னைக் கேட்டால் இதுதான் குறிப்பின் உயிர். 6:10-க்குக் கோடு போனது. 10:05-க்கு ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, நேற்றுப் பார்த்த சேலையைக் காணவில்லை என்றார். போனை எடுத்த பெண், விற்றுத் தீர்ந்திருக்கும் என்று நினைத்துப் பதில் சொன்னார். மூன்றாவது போன் வந்ததும் 10:40-க்கு இளைஞரை அழைத்தார்: “அண்ணா, சைட்ல சேலை எதையுமே காணோம். மறைச்சு வச்ச லிஸ்ட்லயும் இல்ல. அழிஞ்சு போச்சா?” 10:52-க்குப் பழைய கோடு திரும்ப ஏற்றப்பட்டது. ஆனாலும் சிலருக்குப் பக்கம் இல்லை என்றே வந்தது. தளத்துக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் பக்கங்களின் நகலை வைத்திருந்து கொடுக்கும் கேஷ் சர்வர்கள், ‘பக்கம் இல்லை’ என்ற 404 பதிலையும் ஒரு மணி நேரம் சேமித்து வைத்திருந்தன. அதைத் துடைத்து முடித்தபோது மணி 11:15.

மொத்தம் 5 மணி 5 நிமிடம். இதில் இளைஞருக்குத் தெரிந்த பிறகு சரிசெய்ய ஆனது வெறும் 35 நிமிடம். மீதி நாலரை மணி நேரம், சரிசெய்யக்கூடியவருக்கு விஷயமே தெரியாமல் போனது. வரிசையாக நேரத்தை எழுதிப் பார்த்தால்தான் இது கண்ணில் படும். அதுவரை எல்லாரும் அந்த ஒரு வரி கோடைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஏன் தெரியவில்லை? தளம் உயிரோடு இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் கருவி முகப்புப் பக்கத்தை மட்டுமே பார்த்தது. அங்கிருந்த பெரிய விளம்பரப் படங்கள் கையால் வைத்தவை, அவை மறையவில்லை. சேலை வகைப் பக்கங்கள் ‘தற்போது பொருட்கள் இல்லை’ என்று அமைதியாகத் திறந்தன. கணினியைப் பொறுத்தவரை அதுவும் வெற்றிகரமான பதில்தான். கோடு எங்கும் உடையவில்லை, அதனால் பிழைப் பதிவும் இல்லை. 404 எண்ணிக்கை எகிறியிருக்கும், ஆனால் தேடல் ரோபோக்கள் எந்நேரமும் இல்லாத பக்கங்களைத் தட்டிக்கொண்டிருப்பதால் அதற்கு யாரும் எச்சரிக்கை மணி வைப்பதில்லை.

பலர் இந்த இடத்தில் ‘பழைய சேலைகளைச் சரிபார்க்க மறந்தார்’ என்று எழுதி அந்த இளைஞரின் பெயரையும் போட்டுவிடுகிறார்கள். அதை நான் முழுமனதாக எதிர்க்கிறேன். எட்சி நிறுவனத்தில் இருந்த ஜான் ஆல்ஸ்பா 2012-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். தவறு செய்தவரைத் தண்டித்தால் அடுத்தவர் விவரத்தை மறைப்பார், விவரம் மறைந்தால் காரணம் கிடைக்காது என்பது அவர் வாதம். அவர் கேட்கச் சொன்ன கேள்வி, அந்தச் செயல் அந்த நேரத்தில் அவருக்கு ஏன் சரியாகப் பட்டது என்பது. நம் இளைஞர் தான் சேர்த்த வசதியைச் சரியாகவே சோதித்தார். சோதனைக் கணினியும் கண்காணிப்புக் கருவியும் எல்லாம் சரி என்று சொல்லின. குறிப்பில் எழுதவேண்டியது இந்த இரண்டும் ஏன் அப்படிச் சொல்லின என்பதைத்தான்.

நஷ்டத்தையும் எழுத வேண்டும், ஆனால் மதிப்பீடு என்று சொல்லி. முந்தைய நான்கு வியாழன்களில் அதே மாலை நேரத்தில் வந்த ஆர்டர்களின் சராசரியோடு ஒப்பிடலாம். சிலர் மறுநாள் வந்து வாங்கியிருப்பார்கள், அதனால் தொகை துல்லியமாக இராது. துல்லியமாகக் கிடைப்பது விளம்பரச் செலவு. அந்த ஐந்து மணி நேரமும் விளம்பரங்கள் ஆட்களை இல்லாத பக்கங்களுக்கு அனுப்பின. ஒவ்வொரு கிளிக்குக்கும் கடை காசு கொடுத்தது.

கடைசியில் செய்யவேண்டியவை. பதினைந்து எழுதினால் ஒன்றும் நடக்காது. இந்தக் கடைக்கு மூன்று போதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் வேண்டும். முதலாவது, கட்டத்தைச் சேர்க்கும் வரியையே மாற்றி, பழைய சேலைகளுக்கும் ‘ஆம்’ தானாக விழும்படி செய்வது:

```sql
ALTER TABLE products
  ADD COLUMN is_visible BOOLEAN NOT NULL DEFAULT TRUE;
```

அடுத்து, ரிலீசுக்கு முன்னும் பின்னும் தளத்தில் தெரியும் சேலைகளை எண்ணி, பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் பழைய கோடுக்குத் தானாகத் திரும்புவது. 1,400 சேலைகளும் மறைந்தது 6:11-க்கே தெரிந்திருக்கும். மூன்றாவது, கண்காணிப்புக் கருவி முகப்போடு நிற்காமல், எப்போதும் இருப்பில் உள்ள ஒரு சேலையின் பக்கத்தையும் திறந்து, அதில் ‘கூடையில் சேர்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுவது. பக்கம் திறந்தால் மட்டும் போதாது, விலைக்கு வாங்கும் நிலையில் இருக்க வேண்டும். கருவியின் கேள்வி கேஷைத் தாண்டி நேரே சர்வருக்குப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பழைய நகலைப் பார்த்துவிட்டு எல்லாம் நலம் என்று சொல்லும்.

இந்த மூன்றாவது வேலையை முடிந்தது என்று குறிப்பதற்கு முன், வாடிக்கையாளர் வராத ஒரு காலை நேரத்தில் அந்தச் சேலையை வேண்டுமென்றே மறைத்து, போனில் மணி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடித்த நேரத்தைக் குறிப்பின் கீழேயே எழுதி வைக்கலாம்.