மேலே கருகல், கீழே பச்சை மாவு

கேக்கின் மேல்புறம் கருகி, அடியில் மாவு பச்சையாகவே இருந்தால் ஓடிஜியின் கீழ்க்கம்பி சூடாகாமல் இருக்கலாம். உடனே புதுக் கம்பி வாங்க ஓட வேண்டாம். செலக்டர் சுவிட்சைக் 'கீழே மட்டும்' என்று ஒரு முறையும், 'இரண்டும்' என்று ஒரு முறையும் வைத்து, அதிக வெப்பத்தில் ஓட்டிப் பாருங்கள். 'இரண்டும்' நிலையில் கீழ்க்கம்பி சிவந்து, தனியாக வைக்கும்போது மட்டும் சிவக்காவிட்டால் கம்பி நல்லதுதான், கோளாறு சுவிட்சில்.

இரண்டிலும் சிவக்கவில்லையா? பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, மூடியைக் கழற்றுங்கள். கம்பியின் ஒரு முனை வயரை எடுத்துவிட்டு மல்டிமீட்டரில் ஓம் அளவிடுங்கள். 230 வோல்ட்டில் 800 வாட் என்றால் சுமார் 66 ஓம் வர வேண்டும். பல மாடல்களில் கீழே இரு கம்பிகள் தொடராக இணைந்திருக்கும். அப்போது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 33 ஓம் காட்டும். ஒன்று அறுந்தாலும் இரண்டும் அணைந்துவிடுவதால், தனித்தனியாகவே அளக்க வேண்டும். அளவே காட்டாத கம்பிதான் அறுந்தது. கம்பி முனைக்கும் வெளி உறைக்கும் இடையே சில ஓம்கள் காட்டினால் மின்கசிவு. அந்த ஓடிஜியை ஓட்டவே கூடாது.

கம்பிகள் சரியென்றால் சுவிட்சின் வயர்களைப் படமெடுத்துவிட்டுக் கழற்றுங்கள். பொதுமுனைக்கும் கீழ்க்கம்பி முனைக்கும் இடையே, அதற்குரிய நிலைகளில் மீட்டர் பீப் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் சுவிட்சை மாற்றுங்கள். அடித்தால், கருகித் தளர்ந்த வயர் கிளிப்பைத் தேடுங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.