சந்தேகத்துக்குரிய தளத்துக்குச் சுமைச் சோதனை

கான்கிரீட் க்யூப் 28 நாளில் உரிய பலம் காட்டாமல், தளத்தில் துளைத்தெடுத்த கோர் துண்டுகளும் தேறாமல் போனால், தளத்தை இடிக்கச் சொல்லும் முன் அதன்மீது சுமை ஏற்றிப் பார்க்க இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456 இடமளிக்கிறது. தளத்தின் சொந்த எடையோடு, பயன்பாட்டுச் சுமையின் 1.25 மடங்கை 24 மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும்.

ஒரு வீட்டு அறையை எடுத்துக்கொள்வோம். அகலம் 4 மீட்டர், நீளம் 5 மீட்டர், தளக் கனம் 125 மில்லிமீட்டர். வீடுகளுக்கான பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்பதால் சோதனைச் சுமை 250 கிலோ. அறை முழுவதற்கும் 5 டன். 50 கிலோ மணல் மூட்டை நூறு வேண்டும். மூட்டைகளை நெருக்கி அடுக்கினால் அவை ஒன்றையொன்று தாங்கி வளைவுபோல் நின்றுவிடும். சுமை நடுவில் இறங்காமல் ஓரச் சுவர்களுக்குப் போய்விடும். ஆகவே இடைவெளி விட்டுச் சிறு சிறு அடுக்குகளாக வைப்பார்கள். டைல்ஸ் இன்னும் பதிக்காத தளமென்றால் அதன் எடைக்கு ஈடான சுமையை முதலிலேயே வைத்துவிட வேண்டும். டயல் கேஜில் ஆரம்ப அளவு எடுப்பது அதற்குப் பிறகுதான். பயன்பாட்டுச் சுமையால் வரும் தொய்வு மட்டுமே கணக்கு.

0.01 மில்லிமீட்டர் வரை காட்டும் கேஜ்களைத் தளத்துக்குக் கீழே, நடுவிலும் தாங்கிகளின் ஓரத்திலும் பொருத்துவார்கள். தாங்கியே சற்று இறங்கினால் அந்த அளவை நடுத் தொய்விலிருந்து கழிக்க வேண்டும். கேஜ் நிற்கும் சாரம் சோதிக்கும் தளத்தைத் தொடாமல் தனியே நிற்க வேண்டும். தளம் உடைந்தால் ஏந்திக்கொள்ள, சிறு இடைவெளி விட்டு முட்டுகளும் தேவை. மொட்டை மாடி வெயிலில் சூடேறினால் சுமையில்லாமலே கேஜ் முள் நகரும். அதனால் முக்கிய அளவுகளை ஒரே நேரத்தில், விடியற்காலையில் எடுப்பது நல்லது.

சுமையைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் தொய்வையும் விரிசலையும் குறிப்பார்கள். 24 மணி நேரத்தில் அதிகபட்சத் தொய்வு, மீட்டரில் உள்ள இடைவெளியின் வர்க்கத்தை 40-ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள கனத்தால் வகுத்த அளவுக்குக் குறைவாக இருந்தால் தளம் தேறியது. மீட்சியைப் பார்க்கத் தேவையில்லை. இந்த அறைக்கு அது 5.12 மில்லிமீட்டர்.

தொய்வு 6.20 வந்தது என்று கொள்வோம். சுமையை இறக்கி 24 மணி நேரம் கழித்தும் 1.80 மீதமிருக்கிறது. மீண்டது 4.40, அதாவது 71 சதவீதம். 75 வேண்டும் என்பதால் தேறவில்லை; ஆனால் தளத்தைக் கைவிட வேண்டியதில்லை. முதல் ஏற்றத்தில் புதிய விரிசல்கள் விழுவதாலும் தாங்கிகள் படிவதாலும் திரும்பாத தொய்வு கொஞ்சம் சேர்வது இயல்பு. 72 மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்கலாம். இரண்டாம் முறை தொய்வு 5.40, மீதம் 0.90 என்றால் மீட்சி 83 சதவீதம்; இம்முறை வேண்டியது 80 என்பதால் தளம் ஏற்கப்படும். 80-க்குக் குறைந்தால் நிராகரிப்புதான்.

இந்தச் சோதனை வளைவைத் தாங்கும் திறனை மட்டுமே காட்டும். தூண் மேல் நேரடியாக அமர்ந்த தளத்தில் தூண் துளைத்துக்கொண்டு வரும் வகை உடைப்பு, தொய்வில் பெரிதாக எச்சரிக்காமலே நேரக்கூடும். அதற்குக் கம்பியின் அளவையும் கான்கிரீட்டின் பலத்தையும் வைத்துத் தனியே கணக்கிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.